குரல் செய்தியை எழுத்தாகப் படிக்க: ‘வேணும்’, ‘வேணாம்’ வரும் இடத்தில் கவனம்

உசிலம்பட்டிக்கு அருகில் என் சித்தப்பாவுக்கு அரை ஏக்கரில் மல்லிகைத் தோட்டம் இருக்கிறது. விடியுமுன் பறித்த மொட்டு வேனில் ஏறி மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகும். அங்கே கமிஷன் கடைக்காரர் அதை விற்றுவிட்டு, அன்றைய விலையையும் எடையையும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புவார். கை முழுக்கப் பூவும் ஈரமுமாக நிற்கிறவரிடம் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்ல முடியாது. சித்தப்பாவுக்குக் காது மந்தம். கருவி மாட்டியிருந்தாலும், மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே பேசிய பேச்சு அவருக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் கண் நன்றாகத் தெரியும். நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடுவார். அவருக்காகத்தான் குரல் செய்தியை எழுத்தாக்கும் வழிகளை நான் தேடத் தொடங்கினேன். காது கேளாத பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும், பஸ்ஸிலோ அலுவலகத்திலோ செய்தியை ஒலிக்கவிட முடியாதவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில், செயலிக்குத் தமிழ் தெரியுமா என்று பாருங்கள்

வாட்ஸ்அப்பில் குரல் செய்தியை எழுத்தாக்கும் வசதி உண்டு. 2024 நவம்பரில் அதை அறிவித்தார்கள். Settings பகுதியில் Chats என்பதைத் திறந்தால் Voice message transcripts என்று ஒரு வரி இருக்கும். அதை இயக்கினால் மொழிப் பட்டியல் வரும். பட்டியலில் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்ததும் அந்த மொழிக்கான கோப்பு போனில் இறங்கும்; வைஃபை இருக்கும்போது இறக்கிக்கொள்வது நல்லது. பிறகு ஒரு குரல் செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் Transcribe என்பதைத் தொட வேண்டும். செய்தியின் அடியிலேயே எழுத்து வந்துவிடும். இந்த வேலை முழுவதும் உங்கள் போனுக்குள்ளேயே நடக்கிறது. குரல் வெளியே எங்கும் போவதில்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் நான் பார்த்தவரை தமிழ் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம், ரஷ்யன் என்றுதான் தொடங்கினார்கள். ஐபோனில் பட்டியல் நீளமானது. அதிலும் தமிழ் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த மொழிபெயர்ப்பு வசதியும் இப்படித்தான். ஆண்ட்ராய்டில் அது ஆறு மொழிகளோடு தொடங்கியது, அவற்றில் இந்தி உண்டு, தமிழ் கிடையாது. அது எழுத்துச் செய்தியை மட்டுமே மொழிபெயர்க்கும். பட்டியல்கள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், நீங்கள் முயலும் நாளில் பட்டியலை ஒருமுறை கடைசிவரை நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.

புதியவர்கள் இங்கே வழக்கமாக ஒரு தவறு செய்கிறார்கள். பட்டியலில் தமிழ் இல்லையென்றதும் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழ்ச் செய்தியின்மேல் Transcribe என்பதைத் தொடுகிறார்கள். பெரும்பாலும் Transcript unavailable என்று வரும். அது வந்தால் நல்லது. முடியவில்லை என்று செயலி ஒப்புக்கொள்கிறது. சிலசமயம் தமிழ் ஒலியை ஆங்கிலச் சொற்களாகத் திரித்துப் பொருளில்லாத வரிகளைத் தரவும் கூடும். இரண்டில் எது வந்தாலும் உங்கள் போனில் பழுது இல்லை. மொழி பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

டெலிகிராமில் குரல் செய்தியின் பக்கத்திலேயே →A என்ற சிறிய பொத்தான் இருக்கும். சந்தா கட்டியவர்கள் அதை வேண்டிய அளவு பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு வாரத்துக்குச் சில செய்திகள் மட்டும். அங்கே எழுத்தாக்கம் போனுக்குள் நடப்பதில்லை, குரல் வெளியே உள்ள சர்வருக்குப் போய் வருகிறது. வங்கி விவரம், மருத்துவச் செய்தி போன்றவற்றில் இதை நினைவில் வையுங்கள்.

தமிழுக்கு இரண்டு போன் முறை

தமிழ்க் குரல் செய்திக்கு நாங்கள் பயன்படுத்துவது Live Transcribe. காது கேளாதவர்களுக்காக கூகுள் வெளியிட்ட இலவசச் செயலி இது. ஆண்ட்ராய்டு போனில் Settings, பிறகு Accessibility என்று போனால் பல போன்களில் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால் பிளே ஸ்டோரில் கிடைக்கும். அதன் அமைப்பில் Primary language என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இணைய இணைப்போடு பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பைப்போல் இது குரலைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்வதில்லை. ஒலி கூகுளின் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகிறது.

எதிரில் ஒருவர் பேசுவதைக் கேட்டு எழுதுவதற்காகச் செய்யப்பட்ட செயலி இது. ஆகவே குரல் செய்தி ஒரு போனில் ஒலிக்க, இன்னொரு போன் அதைக் கேட்க வேண்டும். ஒரே போனில் இரண்டையும் செய்யப் பார்த்தால் மைக் திறந்ததும் ஒலி நின்றுவிடுவது உண்டு. சித்தப்பாவின் போனில் செய்தி, சித்தியின் போனில் Live Transcribe என்று வைத்துக்கொண்டோம்.

மின்விசிறியை நிறுத்துங்கள். இரண்டு போன்களையும் மேசைமேல் ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். ஒலிக்கிற போனின் ஸ்பீக்கர் பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும். அந்த அடிப்பக்கம் மற்ற போனின் மைக்கைப் பார்த்து இருக்கட்டும். ஒலி அளவை முழுதாக ஏற்றாதீர்கள். முழு அளவில் சிறிய ஸ்பீக்கர் கரகரக்கும், அந்தக் கரகரப்புதான் மைக்குக்குப் போகும். முக்கால் பங்கு போதும். வேகம் 1× என்றே இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது 1.5× தட்டி வைத்திருந்தால் எழுத்து சிதறும். செய்தி ஓடும்போது போனைக் கையில் தூக்காதீர்கள், காதருகே கொண்டுபோவதாக நினைத்து ஒலியை மெல்லிய ஸ்பீக்கருக்கு மாற்றிவிடும்.

நீண்ட செய்தியை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, திரையில் எழுத்து வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். வந்த எழுத்து உடனே உறுதியாகிவிடாது. அடுத்த சொல்லைக் கேட்டபின் முந்தைய சொல்லைச் செயலியே திருத்திக்கொள்ளும். ஆகவே நகர்ந்துகொண்டிருக்கும் வரியை நம்பாமல், நின்றுவிட்ட வரியைப் படியுங்கள். வேண்டிய வரியை அழுத்திப் பிடித்துப் பிரதி எடுக்கலாம்.

ஒரு செய்தி, ஒரு நாள்

இந்த முறைக்கு வருவதற்கு முன், குரல் கோப்பை வாங்கி எழுத்தாக்கித் தரும் வேறொரு செயலியைச் சித்தப்பாவின் போனில் நான் போட்டுத் தந்திருந்தேன். ஒருநாள் கடைக்காரரிடமிருந்து இருபது விநாடிச் செய்தி ஒன்று வந்தது. அவர் பேசியது இது:

“அண்ணே, இன்னைக்கு மல்லி கிலோ அறநூறு போச்சு. நம்ம பூவு பதினாலு கிலோ. நாளைக்கு வெள்ளன வர வேணாம், கடையில பயலுக மட்டும்தான் இருப்பாய்ங்க.”

திரையில் வந்தது இது:

“அண்ணே இன்னைக்கு மல்லி கிலோ இருநூறு போச்சு நம்ம பூவு 14 கிலோ நாளைக்கு வெள்ளம் வர வேண்டும் கடையில பயலுக மட்டும் தான் இருப்பாங்க”

எண்ணிப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் சரியாகவே வந்திருக்கிறது. மதுரைப் பக்கத்து ‘இருப்பாய்ங்க’ என்பதைச் செயலி ‘இருப்பாங்க’ என்று ஆக்கியிருக்கிறது. அதனால் பொருள் கெடவில்லை. ‘பதினாலு’ என்பது 14 ஆனது, அது வசதிதான். மிஞ்சியவை மூன்றே சொற்கள். அந்த மூன்றில்தான் செய்தியின் உயிர் இருந்தது.

சித்தப்பா நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் 200 என்று எழுதி, பதினாலால் பெருக்கி 2800 என்று போட்டார். உண்மையில் வர வேண்டியது 8400. ‘வெள்ளம் வர வேண்டும்’ என்பதைப் படித்ததும், இது ‘வெள்ளன’ என்ற சொல்தான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. விடியற்காலையில் என்பதற்கு நம் ஊரில் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆனால் ஒரு பிழையைத் தானே திருத்திக்கொண்டுவிட்ட நிம்மதியில் அடுத்த சொல்லைச் சந்தேகிக்கவில்லை. விடியற்காலையில் வரச் சொல்கிறார் என்று முடிவு செய்து, மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டார். கடையில் இரண்டு பையன்கள் மட்டும் இருந்தார்கள். பதினொரு மணிவரை பூக்கூடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்காரரை அப்படி உட்காரவைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. சொற்களின் எண்ணிக்கையைப் பார்த்து, நன்றாக வேலை செய்கிறது என்று அவரிடம் சொன்னவன் நான்தான்.

ஏன் அந்த மூன்று சொற்கள்?

இது ஒரு செயலியின் குறை மட்டும் அல்ல. நம் பேச்சின் ஒலியைக் கவனித்தால் காரணம் விளங்கும்.

‘வேணும்’, ‘வேணாம்’ என்று நாம் எழுதினாலும் பேசும்போது கடைசி ‘ம்’ உதட்டில் முழுதாக மூடுவதில்லை. மூக்கோடு கலந்த ஓர் உயிரொலியாகக் கரைந்துவிடுகிறது. சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் மிஞ்சுகிற வித்தியாசம் கடைசி அசையின் உயிர் மட்டும்தான். ‘வரல’, ‘வரலாம்’ என்பவையும் இதே போலத்தான்: ஒன்று வரவில்லை என்கிறது, இன்னொன்று வரலாம் என்கிறது. எதிரில் இருப்பவருக்கு முகமும் கையசைப்பும் துணைசெய்யும். குரல் செய்தியில் அவை இல்லை. செய்தியை அனுப்பும்போது செயலி அதைச் சுருக்குகிறது. லாரி ஹாரனும் ஏலக்குரலும் மேலே விழுகின்றன. முதலில் மறைவது இந்த மெல்லிய மூக்கொலிதான்.

எண்களிலும் இதுவே நடக்கிறது. பேச்சில் இருநூறு ‘எரநூறு’ ஆகிறது, அறுநூறு ‘அறநூறு’ ஆகிறது. முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் காதுக்கு ஒன்றுதான். அந்த முதல் எழுத்து ‘கிலோ’ என்ற சொல்லின் வாலோடு ஒட்டி வந்தால் மனிதக் காதுக்கே தடுமாற்றம் வரும்.

‘வெள்ளன’ போன்ற சொற்களின் சிக்கல் வேறு. இப்படிப்பட்ட செயலிகள் பல குரல்களையும் அவற்றின் எழுத்து வடிவங்களையும் ஒப்பிட்டுக் கற்றவை. எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் தமிழ்க் குரலில் வாசிப்பும் மேடைப் பேச்சும் எளிதாகக் கிடைப்பவை. பூ மார்க்கெட் பேச்சு அப்படிக் கிடைப்பதில்லை. தெரியாத சொல்லைக் கேட்டால் செயலி வெற்றிடம் விடுவதில்லை, அதற்குத் தெரிந்த, ஒலியில் நெருங்கிய சொல்லைப் போடுகிறது. ‘வெள்ளன’ இப்படித்தான் ‘வெள்ளம்’ ஆனது. இந்த வகைப் பிழை கண்ணில் குத்தும் என்பதால் ஆபத்து குறைவு. ‘வேணாம்’ என்பது ‘வேண்டும்’ ஆனால் வாக்கியம் அழகாகவே இருக்கும். படிக்கும்போது தெரியவே தெரியாது.

படிக்கும் முறை, பேசச் சொல்லும் முறை

ஆகவே சித்தப்பாவுக்கு இப்போது நாங்கள் சொல்லியிருப்பது இதுதான். எழுத்து வந்ததும் முதலில் எண், நேரம், ‘வேண்டும்–வேண்டாம்’ வகைச் சொல், இவை எங்கே இருக்கின்றன என்று விரலை வைத்துப் பாருங்கள். காது கேட்பவர் அருகில் இருந்தால், செய்தியின் அலைக்கோட்டில் அந்த இடத்துக்கு நகர்த்தி அந்த இரண்டு விநாடியை மட்டும் மறுபடி கேட்டால் போதும். யாரும் இல்லையென்றால் தட்டச்சில் கேளுங்கள். ‘200 அல்லது 600?’ என்று இலக்கத்தில் கேட்டால் கடைக்காரர் ஓர் இலக்கத்தைத் தட்டிவிடுவார். அதற்குக் கை ஈரம் தடையில்லை.

இதைவிடப் பலன் தந்தது பேசுகிறவரிடம் சொன்ன இரண்டு திருத்தங்கள். நான் நேரில் போய்க் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். ஒன்று, விலையோடு மொத்தத் தொகையையும் சொல்லுங்கள். “கிலோ அறநூறு, பதினாலு கிலோ, மொத்தம் எட்டாயிரத்து நானூறு.” இப்போது எண்களில் ஒன்று தவறினாலும் பெருக்கல் பொருந்தாது, பிழை தானே வெளிப்படும். இரண்டாவது, ‘வேணாம்’ என்பதற்குப் பதில் ‘வராதீங்க’ என்று சொல்லுங்கள். அதில் எதிர்மறைப் பொருள் நடுவில், ‘ராதீ’ என்று அழுத்தமாக இருக்கிறது. எந்த இரைச்சலிலும் அது முழுதாகக் கரைவதில்லை. அனுப்பாதீங்க, பறிக்காதீங்க, கொடுக்காதீங்க, எல்லாம் இப்படியே. அவர் இதைக் கொஞ்சமும் சிரமமாக நினைக்கவில்லை. “அண்ணனுக்கு இவ்வளவுதானே தம்பி, சொல்லிட்டாப் போச்சு” என்றார். அன்றிலிருந்து மொத்தத்தை இரண்டு முறை சொல்கிறார்.

எந்தச் செயலியைப் புதிதாகப் போட்டாலும் அதை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்களே ஒரு குரல் செய்தி பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு எண்கள், ஒரு ‘வேணாம்’, ஒரு ‘வேணும்’, உங்கள் ஊர்ப் பெயர், உங்கள் வீட்டில் மட்டும் புழங்கும் ஒரு சொல் இருக்கட்டும். ஒருமுறை அமைதியான அறையில், ஒருமுறை சாலையோரத்தில் பேசுங்கள். இரண்டு எழுத்தாக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உங்கள் பேச்சில் அந்தச் செயலி எங்கே வழுக்குகிறது என்பது தெரிந்துவிடும். வீட்டுப் பெரியவர்களின் குரலில் செய்து பார்ப்பது இன்னும் நல்லது. பல் விழுந்தவர்களின் பேச்சு வேறு மாதிரி எழுத்தாகும்.

மொழிபெயர்ப்பு

சித்தப்பாவின் பேத்தி புனேயில் வளர்கிறாள். தமிழ் கொஞ்சம் பேசுவாள், படிக்கத் தெரியாது. தாத்தாவுக்கு ஆங்கிலத்தில்தான் குரல் செய்தி அனுப்புவாள். இந்தத் திசையில் வேலை எளிது. வாட்ஸ்அப்பின் எழுத்தாக்கத்தில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்துவைத்தால் அவள் பேசியது செய்தியின் அடியில் எழுத்தாக வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, Google Translate செயலியில் Camera பகுதி வழியாக அந்தப் படத்தைத் திறந்து, ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று வைத்தால் தமிழில் படிக்கலாம். வரும் தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பேத்தி தாத்தாவை ‘நீ’ என்று அழைப்பதாகவும் சிலசமயம் வரும், ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால். குழந்தைமேல் வருத்தப்படாதீர்கள் என்று சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம்.

எதிர்த் திசையில், தமிழ்க் குரலிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது, நேரே மொழிபெயர்ப்பில் போடாதீர்கள். Live Transcribe தந்த தமிழை முதலில் படித்துத் திருத்துங்கள். ‘வெள்ளன’ என்பதை ‘அதிகாலையில்’ என்றும், ‘வேணாம்’ என்பதை ‘வேண்டாம்’ என்றும், ‘இருப்பாய்ங்க’ என்பதை ‘இருப்பார்கள்’ என்றும் மாற்றுங்கள். எழுத்துத் தமிழில் கொடுத்தால் மொழிபெயர்ப்பு வெகுவாகச் சீராகிறது. விட்டுப்போன எழுவாயையும் சேருங்கள். நாம் ‘நேற்று வந்தாச்சு’ என்று சொல்லி நிறுத்திவிடுவோம். வந்தது யார் என்பது மொழிபெயர்ப்புக்குத் தெரியாது, அது ஒருவரை ஊகித்துப் போட்டுவிடும். ‘அவர்’ என்று மரியாதையாகச் சொன்ன பாட்டி ஆங்கிலத்தில் ஆணாகிவிடுவதும் உண்டு. ‘பாட்டி நேற்று வந்தார்’ என்று முழுதாக எழுதினால் இரண்டு சிக்கலும் தீரும்.

போன வாரம் சித்தப்பா தன் கையாலேயே இரண்டு போனையும் மேசைமேல் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, கடைக்காரரின் செய்தியை ஓடவிட்டார். கிலோ ‘எண்பது’ என்று வந்தது. மொத்தத்தைப் பார்த்தார், பெருக்கிப் பார்த்தார், 80 என்பதை அடித்துவிட்டு 800 என்று எழுதிக்கொண்டார்.